நம்பும்படி இருந்த 27.2: மல்லாட்டைப் பொடியில் எட்டு சதவீத நைட்ரஜன் எங்கே போனது?

பண்ருட்டிப் பக்கத்து மகளிர் குழு ஒன்று வறுத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பொடித்துக் கால் கிலோ பாக்கெட்டுகளாக விற்கிறது. லேபிளில் 100 கிராமுக்குப் புரதம் 26 கிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். அது அட்டவணையிலிருந்து எடுத்த எண். புதுச்சேரியில் ஒரு கடை, ஆய்வறிக்கை இருந்தால்தான் பொருளை அடுக்கில் வைப்போம் என்றது. குழுவினர் ஒரே நாளில் அரைத்த பொடியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கும் மறு பாதியை வெளியூரில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். கல்லூரியிலிருந்து 27.2% என்று வந்தது. மற்ற இடத்திலிருந்து 29.6%.

கல்லூரி ஆய்வகத்துக்கு நான் அவ்வப்போது போய் உதவுவது வழக்கம். குழுவின் செயலாளர் இரண்டு தாளையும் மேசையில் வைத்துவிட்டு, "சார், பொடி ஒண்ணுதான். எந்த நம்பரை அச்சடிக்கிறது?" என்று கேட்டார். பெரிய எண்ணை அச்சடிக்க ஆசை இருந்தாலும், பிறகு யாராவது சோதித்துப் பார்த்தால் வம்பாகிவிடுமே என்ற பயமும் அவருக்கு இருந்தது.

புரதம் என்று எழுதிய எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது, அந்த எண்ணை வகுத்து நைட்ரஜனுக்குத் திரும்புவதுதான். கெல்டால் முறையில் புரதத்தை யாரும் அளப்பதில்லை. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் 1883-ல் இந்த முறையை வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை அதில் அளக்கப்படுவது நைட்ரஜன் மட்டும்தான். கிடைத்த நைட்ரஜனை ஒரு காரணியால் பெருக்கிப் புரதம் என்கிறோம். ஆகவே அறிக்கையில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் ஓர் அளவீடும் ஓர் அனுமானமும் உண்டு. இரண்டையும் பிரிக்காமல் இரு அறிக்கைகளை ஒப்பிடவே முடியாது.

இரண்டு தாளிலும் காரணி எழுதப்படவில்லை. கல்லூரி நோட்டைப் பார்த்தபோது 6.25 என்று இருந்தது. தனியார் ஆய்வகத்துக்குப் போன் செய்து கேட்டோம், அவர்களும் 6.25-தான். அப்படியானால் கல்லூரியில் கிடைத்த நைட்ரஜன் 4.35%, அங்கே கிடைத்தது 4.74%. காரணியில் வித்தியாசம் இல்லை, நைட்ரஜனிலேயே இருக்கிறது. யாரோ ஒருவரிடம் மொத்த நைட்ரஜனில் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் காணாமல் போயிருக்கிறது, அல்லது மற்றவரிடம் அதே அளவு எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது.

கல்லூரியின் எண்ணைத்தான் நான் முதலில் சந்தேகித்தேன். காரணம் 27.2 அல்ல. பார்க்கப்போனால் அந்த எண் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. லேபிளில் 26, ஆய்வில் 27.2 என்றால் யாருக்கும் கேள்வி எழாது. நோட்டில் இருந்த மூன்று தனித்தனி முடிவுகள்தான் உறுத்தின: 4.36, 4.21, 4.48. ஒரே பொடியில் மூன்று முறை எடுத்தால் கெல்டாலில் இவ்வளவு சிதறல் வரக்கூடாது. நன்றாகச் செய்தால் இரண்டாம் தசமத்தில் இரண்டு மூன்று இலக்கம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். சராசரி எடுத்த உடனே சிதறல் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அதனால்தான் சராசரி மட்டும் உள்ள அறிக்கை எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். இந்த முறையில் மூன்று படிகள்: கொதிக்கும் அமிலத்தில் பொருளை உடைத்து அதன் நைட்ரஜனை அம்மோனியமாக்குவது செரிப்பு, காரம் சேர்த்து அதை அம்மோனியாவாக வெளியே கொண்டுவந்து பிடிப்பது வடிப்பு, பிடித்ததைத் திறன் தெரிந்த அமிலத்தால் அளப்பது தரம்பார்த்தல். முதுகலை மாணவி ஒருவர் பொறுப்பாகச் செய்திருந்தார், குறிப்புகளும் சுத்தமாக இருந்தன. பொடியில் ஒரு கிராம் எடுத்துச் செரிப்புக் குழாயில் போட்டு, 7 கிராம் பொட்டாசியம் சல்பேட்டும் 0.8 கிராம் காப்பர் சல்பேட்டும் சேர்த்து, 12 மில்லி அடர் சல்ஃபியூரிக் அமிலம் ஊற்றி, 420 டிகிரிக்கு வைத்த பிளாக் டைஜஸ்டரில் வைத்திருக்கிறார். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை. ஆனால் இந்தப் பொடி கறுப்பாகவே நின்றது. குழாயின் கழுத்து வரை நுரை ஏறி, அங்கே கரித்துகள் ஒட்டிக்கொண்டது. அதனால் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் வைத்து மூன்று மணி நேரம் விட்டிருக்கிறார். கடைசியில் தெளிந்த பச்சை நிறம் வந்தது. ஆறவிட்டு, காஸ்டிக் சோடா சேர்த்து வடித்து, போரிக் அமிலத்தில் பிடித்து, 0.1012 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்திருக்கிறார். நோட்டின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது: "ஆறியபின் குழாயில் கட்டியாக உறைந்தது, தண்ணீர் ஊற்றிச் சூடாக்கிக் கரைத்தேன்." எனக்கு வேண்டிய துப்பு அந்த வரியில் இருந்தது. அதை எழுதி வைத்த பெண்ணைப் பாராட்ட வேண்டும். பலர் இதையெல்லாம் எழுதுவதில்லை.

ஆனாலும் துப்பு கிடைத்ததும் முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. நைட்ரஜன் குறைய இந்த முறையில் மூன்று இடங்கள் உண்டு. செரிப்பில் புரதம் முழுதாக உடையாமல் இருக்கலாம், அல்லது உடைந்து வந்த அம்மோனியா செரிப்பிலேயே ஓடிப்போகலாம். வடிப்பில் கசிவு இருக்கலாம், அல்லது சோடா போதாமல் அம்மோனியா முழுவதும் வெளியே வராமல் இருக்கலாம். தரம்பார்த்தலில் அமிலத்தின் திறன் தப்பாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சந்தேகித்துக் கருவியைக் கழற்றிப் பூட்டுவதைவிட, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவது சுலபம்.

முதலில் வடிப்பும் தரம்பார்த்தலும். இதற்கு உலர்த்திய தூய அம்மோனியம் சல்பேட் போதும். அதைச் செரிக்கத் தேவையில்லை, அதில் நைட்ரஜன் ஏற்கெனவே அம்மோனியமாகத்தான் இருக்கிறது. அதன் நைட்ரஜன் 21.20% என்பது மூலக்கூறு எடையிலிருந்தே வரும் எண். 0.1050 கிராம் எடுத்தால் 22.26 மில்லிகிராம் நைட்ரஜன். 0.1012 நார்மல் அமிலத்தில் இதற்கு 15.70 மில்லி செலவாக வேண்டும். தண்ணீரில் கரைத்து, சோடா சேர்த்து, வழக்கம்போல வடித்தோம். மாதிரி இல்லாமல் ஓட்டிய பிளாங்க் அளவைக் கழித்தபின் 15.62 மில்லி வந்தது, அதாவது 99.5% மீட்பு. கண்டென்சர், ரப்பர் இணைப்பு, அமிலத்தின் திறன், போரிக் அமிலம், நிறங்காட்டி எல்லாமே ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து நீங்கின.

இங்கே வடிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. பெறும் குடுவையில் 4% போரிக் அமிலம் 25 மில்லி, அதில் புரோமோகிரசால் பச்சையும் மீதைல் சிவப்பும் கலந்த நிறங்காட்டி. கண்டென்சரின் நுனி அந்தத் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அம்மோனியா வந்து சேரச் சேர இளஞ்சிவப்பு பச்சையாக மாறும். 150 மில்லி வடிந்ததும் நிறுத்தி, அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டு, பச்சை போய் மங்கலான சாம்பலைத் தாண்டி லேசான இளஞ்சிவப்பு தட்டும் இடத்தில் அளவெடுக்கிறோம். போரிக் அமிலம் மிகவும் வலுவற்றது என்பதால் அதன் திறனைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அம்மோனியாவைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, கணக்கில் வருவது பியூரெட்டில் இருக்கும் அமிலம் மட்டும். சோடா சேர்க்கும்போது போதுமான அளவு விழுந்ததா என்பதைக் காப்பரே காட்டிக்கொடுக்கும். காரம் மிகுந்தால் கலவை கருநீலமாகி, சூடேறும்போது கறுக்கும். அந்த நிறம் வராவிட்டால் இன்னும் சோடா வேண்டும். 12 மில்லி அடர் அமிலத்தை மட்டும் நடுநிலையாக்கவே 10 நார்மல் சோடா சுமார் 45 மில்லி பிடிக்கும். வடிப்பு நடக்கும்போது கரண்ட் போனால் நீராவி அடங்கி, பெறும் குடுவையில் இருப்பது பின்னோக்கி உறிஞ்சப்படும். அந்த ஓட்டத்தைக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிடுவதே நல்லது.

அடுத்து செரிப்பு. வழக்கமான சோதனை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். அதன் வளையத்துக்குள் இருக்கும் நைட்ரஜனை உடைத்தெடுப்பது கடினம் என்பதால், அது முழுதாகக் கிடைத்தால் மற்ற புரதங்களும் உடைந்துவிடும் என்று நம்பலாம். 0.18 கிராம் டிரிப்டோஃபேனை 0.67 கிராம் சர்க்கரையோடு சேர்த்து, கல்லூரியின் அதே அளவுகளில், 12 மில்லி அமிலத்தில், ஒரு மணி நேரம் செரித்தோம். சர்க்கரை எதற்கென்றால், தூய அமினோ அமிலம் மட்டும் இருந்தால் அமிலத்துக்கு வேலையே இருக்காது. உணவு மாதிரியைப் போல ஏதாவது எரிய வேண்டும். மீட்பு 98.6% வந்தது. 98-க்கு மேல் இருந்தால் தேர்ச்சி.

இங்கேதான் விஷயம் சிக்கலானது. வடிப்பு தேர்ச்சி, செரிப்பும் தேர்ச்சி. ஆய்வகத்தின் தரக்கட்டுப்பாட்டுத் தாளில் இவை இரண்டும்தான் இருந்தன. இரண்டுக்கும் எதிரே டிக் போட்டுவிட்டு, "எங்கள் கருவி சரி, அவர்கள் எண்தான் கூடுதல்" என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படித்தான் பல இடங்களில் முடிகிறது.

ஆனால் சர்க்கரை மல்லாட்டை இல்லையே. அடர் சல்ஃபியூரிக் அமிலம் செரிப்பின்போது செலவாகிறது. அது கரிமப் பொருளிலிருந்து கார்பனையும் ஹைட்ரஜனையும் பிடுங்கி, தான் கந்தக டை ஆக்சைடாக வெளியேறுகிறது. எவ்வளவு செலவாகும் என்பது எதை எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கிராம் மாவுச்சத்துக்குச் சுமார் 7.3 கிராம் அமிலம், ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 9 கிராம், ஒரு கிராம் கொழுப்புக்கோ சுமார் 17.8 கிராம். கொழுப்பு அமிலத்தைக் குடித்துத் தீர்க்கும்.

இந்தப் பொடியில் கொழுப்பு 48%. ஒரு கிராம் பொடிக்குக் கணக்குப் போட்டால், கொழுப்புக்கு 8.5 கிராம், புரதத்துக்கு 2.3 கிராம், மீதமுள்ள மாவுச்சத்துக்கு 1.3 கிராம் என மொத்தம் 12 கிராமுக்கு மேல். 12 மில்லி அடர் அமிலத்தின் எடை 22 கிராம். பாதிக்கு மேல் பொடியிலேயே போய்விட்டது. மிச்சம் இருக்கும் 10 கிராமில் பொட்டாசியம் சல்பேட் தன் பங்குக்கு ஏறக்குறைய 4 கிராமைப் பிணைத்துக்கொண்டு பைசல்பேட் ஆகிறது. எஞ்சிய ஆறு கிராமைத்தான் முழு வேகத்தில் ஓடிய உறிஞ்சி மூன்று மணி நேரமாகப் புகையாக இழுத்துக்கொண்டிருந்தது. குழாயில் இருந்தது கட்டியாக உறைந்ததற்குக் காரணம் இதுதான். அங்கே அமிலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, உருகிய உப்புதான் இருந்தது.

அமிலம் தீர்ந்தால் நைட்ரஜன் ஏன் போகிறது? சல்ஃபியூரிக் அமிலம் தனியாக 338 டிகிரி வாக்கில் கொதிக்கும். செரிப்பை வேகப்படுத்த அந்தக் கொதிநிலை போதாது, அதற்காகத்தான் பொட்டாசியம் சல்பேட் சேர்த்து அதை உயர்த்துகிறோம். அளவான உப்பும் அளவான அமிலமும் இருக்கும்வரை திரவம் 400 டிகிரிக்குக் கீழேயே நிற்கும். பிளாக்கின் திரையில் 420 என்று காட்டினாலும் குழாய்க்குள் இருக்கும் திரவம் அந்தச் சூட்டுக்குப் போகாது. கொதித்து மேலே ஏறும் அமில ஆவி குழாயின் குளிர்ந்த பகுதியில் பட்டு வழிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அமிலம் குறையக் குறைய உப்பின் விகிதம் ஏறுகிறது, கொதிநிலையும் ஏறுகிறது, வழிந்து இறங்க ஒன்றும் இல்லாமல் போகிறது. 400-ஐத் தாண்டியதும் அதுவரை பத்திரமாக இருந்த அம்மோனியம் சல்பேட்டே சிதைந்து நைட்ரஜன் வெளியேறத் தொடங்கும். ஆகவே மாணவி கூடுதலாகக் காத்திருந்த ஒவ்வொரு அரை மணி நேரமும் செரிப்பை முழுமையாக்கவில்லை, கிடைத்ததை இழக்கவே செய்தது. மூன்று குழாய்களிலும் அமிலம் ஒரே அளவில் தீர்ந்திருக்காது. பிளாக்கின் ஓரத்தில் இருக்கும் குழாயும் நடுவில் இருக்கும் குழாயும் உறிஞ்சியின் கீழ் ஒன்றுபோல இருப்பதில்லை. 4.21-க்கும் 4.48-க்கும் இடையிலான சிதறலுக்கு இதுவே விளக்கம். கழுத்தில் ஒட்டிய கரியில் செரிக்காத புரதம் கொஞ்சம் தங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கு. உண்மையாகவே நடக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை வடிவமைத்தோம். செய்வது எளிது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். சுத்திகரித்த கடலை எண்ணெயில் நைட்ரஜன் இல்லை என்றே கொள்ளலாம். 0.65 கிராம் எண்ணெய் செரிக்க ஏறக்குறைய 11.6 கிராம் அமிலம் வேண்டும், அதாவது ஒரு கிராம் பொடி கேட்கும் அளவுக்கு மிக அருகில். அந்த எண்ணெயோடு எடைபோட்ட அம்மோனியம் சல்பேட்டைச் சேர்த்து, பழைய முறைப்படியே 12 மில்லி அமிலம், முழு உறிஞ்சி, மூன்று மணி நேரம். நைட்ரஜன் முதலிலேயே அம்மோனியமாக இருப்பதால் "புரதம் உடையவில்லை" என்ற சாக்குக்கு இடமில்லை. குறைந்தால் அது ஓடிப்போனதாகத்தான் இருக்க முடியும்.

மீட்பு 92.8% வந்தது. ஆறியதும் குழாய் கட்டியாக உறைந்திருந்தது. அதே எண்ணெய், அதே அம்மோனியம் சல்பேட், ஆனால் 15 மில்லி அமிலம், குறைந்த உறிஞ்சி, நேரமும் குறைவு என்று வைத்தபோது 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்தது. அப்புறம் விவாதிக்க ஒன்றுமில்லை.

பொடியை மறுபடி செய்தோம். எடையைப் பாதியாக்கினோம், 0.5 கிராம் வாக்கில். எடை குறைந்தால் மாதிரி ஒருசீராக இருக்க வேண்டும். மல்லாட்டையை மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும், தோல் தனியாக நிற்கும். பாக்கெட்டைக் குளிரவைத்து, விட்டு விட்டு நான்கைந்து முறை அரைத்து, பரப்பி, பல இடத்திலிருந்து எடுத்தோம். கடலோர ஊரில் ஈரம் ஏறும் என்பதால் திறந்த தட்டில் வைக்காமல் மூடிய புட்டியிலிருந்து எடைபோட்டோம். நைட்ரஜன் இல்லாத வடிதாளில் மடித்துக் குழாயின் அடியில் இறக்கினால் கழுத்தில் பொடி ஒட்டாது. பிளாங்குக்கும் அதே தாள் ஒன்று.

அமிலம் 15 மில்லி. முதல் அரை மணி 200 டிகிரியில், நுரை அடங்கும்வரை. பிறகு 420. முதல் சில நிமிடம் உறிஞ்சி வேகமாக, புகை தணிந்ததும் வெளியே வராத அளவுக்கு மட்டும். சுமார் நாற்பது நிமிடத்தில் கறுப்பு போய், பழுப்பாகி, தெளிந்த பச்சை வந்தது. தெளிவு வந்ததும் எடுத்துவிடக் கூடாது. நிறம் போய்விட்டது என்றால் கரி எரிந்துவிட்டது என்று மட்டுமே பொருள், பிடிவாதமான நைட்ரஜன் இன்னும் உடைந்துகொண்டிருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் வைத்தோம். ஆறிய பிறகும் குழாயைச் சாய்த்தால் திரவம் ஓடியது. சூடு முழுதாகத் தணிந்தபின்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும், அதற்கு முன் சேர்த்தால் முகத்தில் தெறிக்கும். அமிலம் கூடியதால் சோடாவும் 65 மில்லியாகக் கூட்டினோம்.

முதல் குழாயின் கணக்கு இது. பொடி 0.5120 கிராம், பியூரெட் 17.30 மில்லி, பிளாங்க் 0.14 மில்லி, அமிலம் 0.1012 நார்மல். 0.1 நார்மல் அமிலம் ஒரு மில்லி என்றால் 1.4007 மில்லிகிராம் நைட்ரஜன். அதிலிருந்து வருவதுதான் கீழே உள்ள சூத்திரம்.

```
N% = (Vs - Vb) × N × 1.4007 / W
   = (17.30 - 0.14) × 0.1012 × 1.4007 / 0.5120
   = 4.75
```

மற்ற இரண்டு குழாய்களில் 4.73, 4.75. சராசரி 4.74%. முன்பு 0.27 இருந்த இடைவெளி இப்போது 0.02. தனியார் ஆய்வகத்தின் எண்ணோடு பொருந்தியது என்பதைவிட இந்த நெருக்கம்தான் எனக்கு நிம்மதி தந்தது. இரண்டு ஆய்வகங்கள் ஒரே தப்பைச் செய்து பொருந்தவும் செய்யலாம்.

நைட்ரஜன் தீர்ந்தது. இப்போது காரணி.

6.25 என்பது புரதத்தில் நைட்ரஜன் 16% இருக்கும் என்ற அனுமானம், நூறை 16-ஆல் வகுத்தால் வருவது. இறைச்சிக்கும் மீனுக்கும் முட்டைக்கும் ஓரளவு பொருந்தும். எல்லாப் புரதமும் அப்படி இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் ஜோன்ஸ் 1931-ல் ஒவ்வொரு உணவுக்கும் தனிக் காரணிகளைத் தொகுத்து வெளியிட்டார்: பாலுக்கு 6.38, அரிசிக்கு 5.95, நிலக்கடலைக்கு 5.46. கடலைக்கு ஏன் இவ்வளவு குறைவு என்றால், அதன் புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைய. ஆர்ஜினினின் எடையில் 32 சதவீதம் நைட்ரஜன்தான். ஆகவே கடலைப் புரதத்தில் நைட்ரஜன் 16-க்குப் பதில் 18.3 சதவீதம் வாக்கில் இருக்கிறது. அதே நைட்ரஜனுக்குப் புரதம் குறைவாகத்தான் கணக்காகும்.

4.74-ஐ 5.46-ஆல் பெருக்கினால் 25.9. குழு லேபிளில் அச்சிட்டிருந்த 26-க்கு இதைவிட நெருக்கம் கேட்க முடியாது. நல்ல அட்டவணைகள் இந்தக் காரணியைத்தான் பயன்படுத்துகின்றன என்பதால் அது தற்செயல் இல்லை. 6.25-ஆல் பெருக்கினால் 29.6.

கல்லூரியின் முதல் அறிக்கை ஏன் நம்பும்படி இருந்தது என்பது இப்போது தெரிகிறது. நைட்ரஜன் எட்டு சதவீதம் குறைவு, காரணி பதினான்கு சதவீதம் கூடுதல். இரண்டும் எதிரெதிராக இழுத்து 27.2-ல் கொண்டுவந்து நிறுத்திவிட்டன, லேபிள் எண்ணுக்குப் பக்கத்தில். அன்று யாராவது சரியான காரணியைப் போட்டிருந்தால் 23.8 வந்திருக்கும், உடனே சந்தேகம் எழுந்திருக்கும். நைட்ரஜனை மட்டும் சரியாக அளந்திருந்தால் 29.6 வந்து, காரணியைப் பற்றிக் கேள்வி வந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால் எந்தக் கேள்வியும் வரவில்லை.

தனியார் ஆய்வகம் தப்பு செய்ததா? இல்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஊட்டச்சத்து லேபிளுக்காக வெளியிட்ட வழிகாட்டியே, அந்த உணவுக்கென வேறு காரணி தரப்படாத இடத்தில் 6.25-ஐப் பயன்படுத்தச் சொல்கிறது. வணிகத்தில் பெரும்பாலானோர் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள். காரணியைத் தாளில் எழுதாததுதான் குறை. எழுதியிருந்தால் படிப்பவர் தானே வகுத்துக்கொள்வார். நானாக இருந்தால் நைட்ரஜன் சதவீதத்தை முதல் வரியில் போட்டு, புரதத்தை அதற்குக் கீழே காரணியோடு போடுவேன். புதிய அறிக்கையையும் அப்படித்தான் எழுதினோம்: நைட்ரஜன் 4.74%, புரதம் 25.9% காரணி 5.46-ஆல், அதே நைட்ரஜனுக்கு 6.25-ஆல் 29.6%. ஈரப்பதம் 1.9% என்பதும், எண்கள் எல்லாம் பாக்கெட்டில் இருக்கிறபடியே எடுத்த பொடிக்கானவை, உலர் எடைக்கு அல்ல என்பதும் அடுத்த வரியில். உலர் எடைக்கு மாற்றினால் 25.9 என்பது 26.4 ஆகும். இந்தப் பொடியில் அது சின்ன வித்தியாசம், ஈரம் மிகுந்த பண்டத்தில் எண்ணையே புரட்டிவிடும்.

செயலாளர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அப்ப 29.6-ம் பொய் இல்லையே சார்?" என்றார். பொய் இல்லைதான். ஆனால் ஒருவர் 5.46-ஆல் கணக்கிட்ட இன்னொரு கடலைப் பொடியோடு இதை ஒப்பிட்டு வாங்கினால், இல்லாத 3.7 கிராம் புரதத்துக்குக் காசு கொடுத்திருப்பார். செயலாளர் கொஞ்ச நேரம் யோசித்து, இருக்கும் லேபிள் ரோல் தீரும்வரை 26-ஐ மாற்ற வேண்டாம் என்றார். நடைமுறைக் காரணம்தான், ஆனாலும் சரியான முடிவு.

இந்த முறையின் எல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும், காரணியைச் சரியாகப் போட்டாலும் அது மறையாது. கெல்டாலுக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தவர்கள் நம்பியது இதைத்தான். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கலப்படமே இல்லாமலும் இது நடக்கும். கடலூர் முதுநகர் பக்கம் கிடைக்கும் சுறாக் கருவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுறாவின் சதையில் இயற்கையாகவே யூரியா உண்டு. ஒரு கிராம் யூரியா 6.25 காரணியில் 2.9 கிராம் புரதமாகக் கணக்கில் ஏறும். நெத்திலிக் கருவாட்டுக்கும் சுறாக் கருவாட்டுக்கும் கெல்டால் எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்தால் சுறா காரணமில்லாமல் உயர்ந்து தெரியும். அப்படிப்பட்ட மாதிரியில் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்த்துப் புரதத்தை வீழ்படிவாக்கி, வடிகட்டி, தாளில் நிற்பதை மட்டும் செரித்தால் யூரியா வடிநீரோடு போய்விடும். இரண்டு எண்களுக்கும் இடைவெளி எவ்வளவோ அவ்வளவும் புரதமல்லாத நைட்ரஜன். மல்லாட்டையில் அந்தப் பங்கு சிறியது, அதனால் இங்கே செய்யவில்லை.

கல்லூரி ஆய்வகத்தின் செய்முறைத் தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாதிரி அரை கிராம், அமிலம் 15 மில்லி, ஆறிய குழாய் உறைந்தால் அந்த ஓட்டம் செல்லாது, சராசரியில் சேர்க்கக் கூடாது. தரக்கட்டுப்பாட்டுத் தாளில் டிரிப்டோஃபேனுக்கு அடுத்த கட்டத்தில் எண்ணெயும் அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்த சோதனை இடம்பிடித்தது. அதே குழு அடுத்து எள்ளுருண்டை கொண்டுவந்தபோது அந்த வரி உடனே பயன்பட்டது. எள்ளிலும் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான், உருண்டையில் வெல்லமும் சேர்ந்து நுரையைக் கூட்டும், எள்ளின் காரணி 5.30. மாணவி 0.5 கிராம் எடைபோட்டு, காரணியை நோட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட்டுத்தான் அமில புட்டியைத் திறந்தார்.